கழுவச் சொன்னது யார்

என் அண்ணனுக்கு என் நாக்கின் மேல் மரியாதை வருவது வருடத்தில் ஒரு நாள்தான். அதுவும் அவனுக்கு என் கையெழுத்து தேவைப்படுகிற நாளாக இருக்கும். மற்ற நாட்களில் நான் காப்பியைக் குடித்துத் துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், இதைச் சொல்லித்தான் சிரிப்பு மூட்டுவான்.

"பாப்பா, ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு. மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுக்கலாம்" என்றான் போனில்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வேலை வேண்டியிருந்தால் பாப்பா, வேலை முடிந்தால் "அவளுக்கு வாய் ஜாஸ்தி". நான் ஒரு காப்பி ஆலையின் சோதனைக் கூடத்தில் சுவை பார்ப்பவள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் மாதிரிகளை வறுத்து, பொடித்து, ஊற்றி, உறிஞ்சி, இது இன்ன தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வாங்குகிறவர்கள் அந்தக் கையெழுத்தை நம்பிக் காசைக் கீழே வைப்பார்கள். அண்ணனுக்கு இருப்பது அப்பாவின் தோட்டம். எனக்கு இருப்பது நாக்கு மட்டும்.

விவகாரம் இதுதான். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில், ஒரே சரிவில், ஒரே காலையில் பறித்த பழத்தை மூன்றாகப் பிரித்து மூன்று விதமாகப் பதப்படுத்தச் சொன்னது நான். முதல் பங்கு வாஷ்டு. பழத்தின் தோலை மெஷினில் உரித்து, கொட்டையை மூடியிருக்கும் வழவழப்பான பசையோடு தொட்டியில் ஓர் இரவு புளிக்க வைத்து, பசை கரைந்ததும் அலசிக் காய வைப்பது. கையில் அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம் வர வேண்டும். இரண்டாவது நேச்சுரல். தோலைத் தொடுவதே இல்லை. பழத்தை அப்படியே வெயிலில் போட்டு மூன்று வாரம் கிளறிக் கிளறி வற்ற விடுவது. மூன்றாவது ஹனி. தோலை மட்டும் உரித்து, பசையைக் கழுவாமல் அதோடேயே காய வைப்பது. காயக் காயப் பசை தேன் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்தப் பெயர். தேன் ஒரு சொட்டுகூடச் சேராது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் "எந்தப் பூவோட தேன் சார்?" என்று கேட்டபோது, "காட்டுப் பூ" என்று பதில் சொன்னவர் என் அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. பத்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர். நான் அவரை மனதுக்குள் சர்டிபிகேட் என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றிரண்டு தடவை வாய்தவறி வெளியிலும் வந்துவிட்டது.

மூன்று பொட்டலத்தை ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம் என்று வந்தவர் காப்பிக் கொட்டையை வறுத்து விற்கும் ஒரு கடைக்காரர். ஒரே மரம், ஒரே நாள், மூன்று ருசி. வாங்கிக் குடிப்பவன் வித்தியாசத்தைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் எண்ணம். சொந்தக் கரண்டியைத் துணி உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிற ஆள். கரண்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கரண்டியைக் கொண்டு அவர் ஹனியை ருசி பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிட்டார்.

"மூணும் சேர்ந்தாத்தான் பெட்டி. இது இல்லாம எனக்கு மத்த ரெண்டும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். "ஒரு ஆளோட தப்புன்னா அடுத்த வருஷம் திரும்ப வர்றேன். இடத்தோட லட்சணமே இதுதான்னா வர மாட்டேன். எதுன்னு கண்டுபிடிச்சு, உங்க தங்கச்சி கையெழுத்தோட குடுங்க."

அண்ணன் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. காய வைக்கும் களத்துக்குப் பொறுப்பு களத்தக்கா. பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறார். தோட்டத்தின் ஓரத்தில் அண்ணன் கொடுத்த ஓட்டு வீட்டில்தான் குடித்தனம். நான் கையெழுத்துப் போட்டால் வேலையும் வீடும் ஒரே வாரத்தில் போகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது காகிதம் மேஜை மேல் தயாராக இருந்தது. "காரணம்" என்ற இடத்தில் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். களத்தில் முறையாகக் கிளறாமல் விட்டதால் அதிகமாகப் புளித்துவிட்டது. கீழே என் பெயர், அதன் மேல் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"குடிக்கறதுக்கு முன்னாடியே ருசி தெரிஞ்சுடுச்சா?" என்றேன்.

"மாப்பிள்ளை பாத்துட்டார்ல" என்றான் அண்ணன்.

சர்டிபிகேட் அடக்கமாகத் தலையை ஆட்டினார். "ஓவர் ஃபெர்மென்ட் அத்தை. கிளியரா தெரியுது. கொஞ்சம் ட்ராபிக்கலா ஆரம்பிச்சு, அப்படியே டவுன் ஆகுது."

டவுன் ஆகிறதாம். இவர் வாயில் போய் விழுந்த காப்பிக்காக எனக்குப் பாவமாக இருந்தது.

பழைய கணக்குப்பிள்ளை அறையைச் சோதனை அறையாக்கி வைத்திருந்தார்கள். கரண்டிக்காரர் எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தார். நீள மேஜை, காப்பி வறுக்கும் ஒரு சின்ன டப்பா, ஒரு தராசு, ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. துணியை முதலில் எடுக்கச் சொன்னேன். சோப்பு வாசனையில் காப்பி பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கோப்பை, மொத்தம் பதினைந்து. ஏன் ஐந்து என்று சர்டிபிகேட் கேட்டார். கெட்டுப்போன ஒரே ஒரு கொட்டை ஒரு கோப்பையைத்தான் கெடுக்கும். மொத்த மூட்டையும் கெட்டிருந்தால் ஐந்தும் கெடும். எது என்று தெரிய வேண்டாமா என்றேன். இதைச் சொல்லித் தராமலா பத்து நாள் உட்கார வைத்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பொடியின் மேல் கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி நான்கு நிமிஷம் காத்திருந்தேன். பொடி மேலே எழும்பித் திட்டாக நின்றது. கரண்டியின் முதுகால் அதைத் தள்ளி, மூக்கைக் கோப்பைக்குள் விட்டு வாசனை பிடித்தேன். கரண்டிக்காரர் என் எதிரில் அதையே செய்தார். நுரையை வழித்துப் போட்டு, சூடு தணிந்ததும் உறிஞ்ச ஆரம்பித்தோம்.

வாஷ்டு ஐந்து கோப்பையிலும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆரஞ்சுத் தோலின் புளிப்பு, மெல்லிய பூ வாசனை. தண்ணீர் போல இலேசாக இறங்கி, துப்பிய பிறகு வாயில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் போனது. பசையைத் தொட்டியிலேயே கழற்றி அனுப்பிவிட்டதால் கொட்டை தன் சொந்தக் குரலில் பேசுகிறது. நேச்சுரல் நேர் எதிர். பழம் மூன்று வாரம் கொட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வற்றியதால் திராட்சை வற்றலும் கனிந்த வாழைப்பழமும் கலந்த வாசனை, ஓரத்தில் ஒயின் மாதிரி ஒரு கிறக்கம், வாய் நிறையக் கனம். பழம் காய்கிறபோது ஒரு நாள் அசந்தாலும் இது காடியாகிவிடும். ஆகவில்லை. ஐந்து கோப்பையிலும் ஆகவில்லை. மூன்று வாரம் யாரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளறியிருக்கிறார்கள்.

மூன்றாவதுக்கு வந்தேன். ஹனி சரியாக வந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வாஷ்டின் புளிப்பு மழுங்கி, கரும்புச் சாறு மாதிரி ஒரு இனிப்பு, கொஞ்சம் கனம், நாக்கில் உருண்டு போகிற ஒரு வழவழப்பு. இதில் ஒன்றுமே இல்லை. இனிப்பு இல்லை, புளிப்பும் இல்லை. ஈரச் சாக்கு, பூட்டிக் கிடந்த பீரோ, நனைந்து காய்ந்த அட்டை. ஐந்து கோப்பையிலும் அதே சாக்கு.

"புளிச்சுப் போயிருக்குல்ல?" என்றான் அண்ணன்.

"மாப்பிள்ளை, இதுல புளிப்பு எங்க இருக்குன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

சர்டிபிகேட் இன்னொரு கரண்டி எடுத்து உறிஞ்சினார். "லைட்டா... பின்னாடி..."

"பின்னாடின்னா கழுத்துலயா?"

கரண்டிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். கிளறாமல் விட்ட ஹனி எனக்குத் தெரியும். பசை கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே வேகும், காடி நெடி மூக்கைத் துளைக்கும், அழுகின பழத்தின் நாற்றம் வரும். அது சோம்பேறித்தனத்தின் ருசி. இது வேறு. பாதி காய்ந்த கொட்டை மறுபடி நனைந்து, நனைந்தபடியே மூடிக் கிடந்தால் வருகிற ருசி. அது களத்தில் காய்ந்த நாட்களில் மழையும் இல்லை, நல்ல வெயில்.

அண்ணன் அசரவில்லை. களத்து நோட்டைக் கொண்டுவந்து வைத்தான். களத்தக்காவின் கொட்டை எழுத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை கிளறினார் என்று குறித்திருந்தது. முதல் நாள் பதினொன்று, இரண்டாம் நாள் பத்து, மூன்றாம் நாள் பத்து, நான்காம் நாள் எட்டு. ஐந்தாம் நாள் காலையில் மூன்று, அதற்குப் பிறகு வெற்று.

"பாத்தியா? மத்தியானத்துக்கு மேல ஆளே இல்ல" என்றான். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரன் தோரணை.

"அஞ்சாம் நாள் பசை காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருக்கும். அன்னிக்கு அரை நாள் கிளறலன்னா குடி முழுகிடாது. முதல் நாள் விட்டிருந்தாத்தான் புளிக்கும். முதல் நாள் பதினோரு தடவை கிளறியிருக்காங்க."

"உனக்கு எல்லாத்துலயும் எதிர்வாதம்."

மூட்டை இருந்த அறைக்குப் போனேன். ஓட்டோடு இருந்த ஹனிக் கொட்டையை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். தேன் நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் விரலில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டியது. இது வெளுத்துப்போய் உதிரியாகக் கிடந்தது. கொட்டையின் நடுக்கோட்டில் மட்டும் பழுப்பாகக் கொஞ்சம் பசை ஒளிந்திருந்தது. ஓடு அங்கங்கே வெடித்திருந்தது. யாரோ வேலை மெனக்கெட்டு இதைக் கழுவியிருக்கிறார்கள். கழுவக் கூடாது என்பதுதான் இதன் முழு வேலையும். அதைக் கழுவி வைத்திருக்கிறார்கள்!

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, மறைப்பானேன். இந்த வீட்டில் யார் கழுவச் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியம்கூட இல்லை. அண்ணி. எதைக் கண்டாலும் துடைக்கிற அண்ணி. விருந்தாளி வருவதற்கு முன்னால் செடியின் இலையைத் துடைப்பவள், வந்த பிறகு விருந்தாளியின் செருப்பைத் துடைப்பவள். களத்தில் காப்பி காய வைக்கும் மேஜைகள் அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நேராகக் கேட்டால் அண்ணன் பூசி மெழுகிவிடுவான். அதனால் ஒரு கை கொட்டையைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு, கரண்டிக்காரரையும் அழைத்துக்கொண்டு, கூடத்துக்குப் போனேன். அண்ணி தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதைப் பாத்தீங்களா? நான் எத்தனையோ தோட்டத்து ஹனி பாத்திருக்கேன். எல்லாம் பிசுபிசுன்னு, ஈ மொய்ச்சுக்கிட்டு, பாக்கவே சகிக்காது. இது எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அண்ணியின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"நீயாவது சொன்னியே பாப்பா. எல்லாம் நான் பாத்துச் செஞ்சது. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர்றாங்க, வாசல்லயே அத்தனை ஈ, குளவி, எறும்பு வேற. அந்த வாடை! எனக்கு மானமே போச்சு. தொட்டியில இருக்கறத மட்டும் அப்படி அலசு அலசுன்னு அலசுறாங்கல்ல, இதுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? நான்தான் கழுவச் சொன்னேன். கழுவி, அள்ளி ஒரு மூலையில குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூட வெச்சேன். வந்தவங்க கண்ணுல ஒன்னும் படல. மறுநாள் திரும்பக் காய வெச்சாச்சு."

அண்ணன் வாசற்படியில் நின்று இதை முழுதாகக் கேட்டான். முகத்தில் ஈயாடவில்லை. சர்டிபிகேட் திடீரென்று செல்போனில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தோட குவியல்ல?" என்றார் கரண்டிக்காரர்.

"தார்ப்பாய் புதுசு. ஓட்டையே கிடையாது" என்றாள் அண்ணி, பெருமையாக.

எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. ஹனியில் இல்லாத இனிப்பு முழுவதும் என் வாய்க்கு வந்துவிட்டது போல இருந்தது. அண்ணனைப் பார்த்து, "காரணம்னு அடிச்சிருக்கற எடத்துல அண்ணி பேரைப் போட்டுக்கலாமா?" என்றேன்.

ஆனால் என் அண்ணன் விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்கத் தெரிந்தவன். இல்லாவிட்டால் அப்பாவின் தோட்டம் முழுக்க அவன் பெயருக்கு எப்படிப் போயிருக்கும்?

"அவளுக்கு என்ன தெரியும்? அவ சொல்லிட்டா, செய்யறவளுக்குப் புத்தி எங்க போச்சு? பத்தொம்பது வருஷம் களத்துல இருக்கறவ. கழுவக் கூடாதுன்னு தெரியாதா? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? இல்ல, யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"முதலாளி வீட்டம்மாகிட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பே."

"சரி, கேட்டிருக்கலாம்ல? கேக்கறதுக்கு என்ன?"

கரண்டிக்காரர் யோசித்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "அது முக்கியம்தான். சொல்றவங்க யாரு வேணா என்ன வேணா சொல்லுவாங்க, எல்லா எடத்துலயும் நடக்குறதுதான். களத்துல நிக்கறவங்க சந்தேகம்னா தெரிஞ்சவங்களக் கேக்கணும். அப்படிக் கேக்குற ஆளுன்னா எனக்குப் பயமில்ல, அவங்க களத்தை நம்பி அடுத்த வருஷம் வருவேன். கேக்காம செஞ்சவங்கன்னா, உங்க அண்ணன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு."

"நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றேன். களத்தக்கா யாரிடமும் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது. யாரைக் கேட்பார், சர்டிபிகேட்டையா? இருந்தாலும் போய் அவர் வாயால் ஒரு காரணத்தை வாங்கி வந்து, அதை நான் என் பாணியில் பேசி ஜெயித்துவிடலாம் என்ற தெம்பு இருந்தது. காலையிலிருந்து எல்லோரையும் ஜெயித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

களம் வீட்டிலிருந்து இருநூறு அடி. கம்பிவலை மேஜைகள் வரிசையாக நின்றன. கடைசிப் பறிப்புப் பழம் நேச்சுரலுக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. களத்தக்கா கையால் அதைப் புரட்டிக்கொண்டே, நசுங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"அக்கா, நீங்க ஒன்னும் கவலைப்படாதீங்க" என்று ஆரம்பித்தேன். "அண்ணிதான் கழுவச் சொன்னதுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். கோப்பையிலேயே தெரிஞ்சுடுச்சு."

"அப்படியா" என்றார்.

"இன்னும் ஒன்னே ஒன்னுதான். அண்ணி கழுவச் சொன்னப்போ, நீங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"யார?"

அவர் கை நின்றது. அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களத்தான் சின்னம்மா."

எனக்குப் புரியவில்லை.

"நீங்கதானே சீட்டு எழுதிக் குடுத்தீங்க, எதை எப்படிக் காய வைக்கணும்னு. சந்தேகம்னா போன் பண்ணுங்கன்னு அடியில நம்பர் போட்டிருந்தீங்க. அம்மா வந்து கழுவுன்னு நின்னாங்க. நான் கொஞ்சம் பொறுங்கன்னுட்டு, அந்தா அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் உங்களுக்குப் போன் போட்டேன். சின்னம்மா, கழுவச் சொல்றாங்க, கழுவலாமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வாயில ஏதோ வெச்சிருந்தீங்க. துப்புற சத்தம் கேட்டுச்சு. ம்ம், கழுவுங்க, கழுவுங்க, நல்லா கழுவுங்கன்னீங்க. வெச்சுட்டீங்க." சற்று நிறுத்தி, "நல்லான்னு வேற சொன்னீங்களே, அதான் ரெண்டு தண்ணி விட்டு அலசுனேன்" என்றார்.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அழைப்புப் பட்டியலில் அந்தத் தேதிக்குப் போனேன். அந்த ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்து. இருபத்தெட்டு விநாடி. அந்த நேரத்தில் என் மேஜையில் யாருடைய மாதிரி இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருபது கோப்பை, சூடு தணிவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். அடுத்த பறிப்பின் தொட்டிக் காப்பியைத்தான் கேட்கிறார், இதற்கெல்லாமா போன் செய்வது என்று எரிச்சல் பட்டேன். எந்தக் காப்பி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு விநாடி கூடியிருக்கும்.

"இதை ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?"

"யாரு கேட்டா? முதலாளி வந்து திட்டுனாரு. மாப்பிள்ளை வந்து இங்கிலீஷ்ல திட்டுனாரு. அம்மா வந்து எங்கிட்டப் பேசவே இல்ல. ஒருத்தராவது என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்களா? நீங்களே காலையில ஒம்பது மணிக்கு வந்தீங்க. வண்டியில இந்த வழியாத்தான் போனீங்க. எறங்கி ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன். பதினஞ்சு கப்பு குடிச்சுக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நான் காலையிலிருந்து சர்டிபிகேட்டை எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அதே கண்ணால் அவர் என்னைப் பார்த்தார். பிறகு பழத்தைப் புரட்டப் போய்விட்டார்.

திரும்பி நடந்த அந்த இருநூறு அடியில் நான் யோசித்ததை எல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. கேட்டார், ஆனால் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். எந்தக் காப்பி என்று அவர்தானே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்? தொடர்பு சரியில்லை, இரைச்சல் என்று சொல்லலாம். இருபது வருடமாக இந்த நாக்கில் சம்பாதித்த பெயர். வாங்குகிறவன் எதிரில், என் அண்ணன் எதிரில், அதைவிட என் அண்ணி எதிரில் அதைப் போட்டு உடைக்க வேண்டுமா? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஓட்டு வீட்டு வாசலில் சாமான் மூட்டை நிற்கும். கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

உள்ளே போய் நேராக மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அச்சடித்த காரணத்தைக் குறுக்காக அடித்தேன். மேலே எழுதினேன்: ஐந்தாம் நாள் வீட்டார் சொன்னதன் பேரில் கழுவப்பட்டு, ஈரத்தோடு ஓர் இரவு மூடி வைக்கப்பட்டது. கழுவுவதற்கு முன்னால் களப் பொறுப்பாளர் சுவை பார்ப்பவரைப் போனில் கேட்டார். சுவை பார்ப்பவர் எது என்று விசாரிக்காமல் கழுவச் சொன்னார். சுவை பார்ப்பவர் நான். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா மூடி எங்கே என்று தெரியவில்லை.

அண்ணன் படித்தான். இரண்டாவது தடவை படிக்கும்போது அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பெரிய நாக்கு!" என்றான். "ஊர் காப்பிக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற நாக்கு! கழுவுங்க கழுவுங்கன்னாளாம்!"

அண்ணி காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பாத்தீங்களா? இவளே கழுவச் சொல்லியிருக்கா. அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று கரண்டிக்காரரிடம் நியாயம் கேட்டாள். அண்ணி என்னை ஜெயித்தது அன்றைக்குத்தான்.

கரண்டிக்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "களத்துல அந்தம்மா இருக்கறவரைக்கும் நான் வருவேன்" என்று அண்ணனிடம் சொன்னார். "இத என் காகிதத்துல எழுதிக் குடுக்கணும், அவங்க இருப்பாங்கன்னு." அண்ணன் எழுதிக் கொடுத்தான், வேறு வழி? பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். நாகரிகமான ஆள், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே என் மாதிரியை வேற கூடத்துக்கு அனுப்பிக்கறேன்."

"அனுப்புங்க" என்றேன். வேறென்ன சொல்வது. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருப்பேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். சர்டிபிகேட் கார் கதவைத் திறந்துவிட்டு, "விடுங்க அத்தை, கத்துக்கறதுதானே" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் கரண்டிக்காரர் திரும்ப வந்தார். மூன்று விதத்துக்கும் மறுபடி மூன்று மேஜை போட்டார்கள். நான் என் கூடத்தில் யாரோ ஒருவருடைய ஐந்து கோப்பைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"களத்துலேர்ந்து பேசுறேன்" என்றது அந்தக் குரல். "வாயில இருக்கறத முதல்ல துப்புங்க சின்னம்மா. அப்புறம் கேக்குறேன்."

துப்பிவிட்டு, எந்த மேஜை என்று கேட்டேன்.